நகர்ந்தது கோடா, புள்ளியா?

காரைக்குடியில் பல ஆண்டுகளாகப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். தேவை, அளிப்புப் பாடத்தில் மதிப்பெண் பறிபோகிற இடம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். எந்தக் கோடு நகர்கிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அத்தோடு நிறுத்தாமல், நகராத கோட்டையும் சேர்த்து நகர்த்திவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். யோசிக்கிறார்கள், ஆனால் ஒரு படி கூடுதலாக யோசித்துவிடுகிறார்கள்.

சென்ற முறை வகுப்பில் கொடுத்த கணக்கு இது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளாக இருக்கட்டும் என்று வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லை எடுத்துக்கொண்டேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. P என்பது ஒரு கல்லின் விலை, ரூபாயில். Q என்பது ஒரு நாளில் விற்கும் கற்களின் எண்ணிக்கை.

```
தேவை:    Qd = 200 - 2P
அளிப்பு:  Qs = -40 + 2P
```

இரண்டையும் சமப்படுத்தினால் விலை 60 ரூபாய், அளவு 80 கல். இனிக் கேள்வி: சிமெண்டும் வண்ணத்தூளும் விலை ஏறியதால் ஒரு கல்லுக்கு 10 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. எந்தக் கோடு நகரும்? புதிய விலை என்ன?

முதல் பகுதிக்குப் பட்டறையை நினைத்துப் பார்த்தாலே போதும். கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைப் பூ வடிவத்தில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையே கிடையாது. சிமெண்டின் விலை ஏறினால் அந்தச் சுமை முதலில் யார் தலையில் விழுகிறது? கல் செய்கிறவர் தலையில். வீட்டுக்குத் தரை போட நினைப்பவருக்குப் பூக்கல் மேல் உள்ள விருப்பமும், கையில் உள்ள பணமும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே நகர்வது அளிப்புக்கோடு. முன்பு 60 ரூபாய்க்கு எத்தனை கல் கொடுத்தாரோ, அத்தனையைக் கொடுக்க இப்போது அவருக்கு 70 ரூபாய் வேண்டும். சமன்பாட்டில் P இருக்கும் இடத்தில் P - 10 என்று போட்டால் புதிய அளிப்பு கிடைத்துவிடும்.

```
Qs = -40 + 2(P - 10) = -60 + 2P
200 - 2P = -60 + 2P
P = 65,  Q = 70
```

விலை 65 ரூபாய், அளவு 70 கல். செலவு 10 ரூபாய் ஏறியும் விலை 5 ரூபாய்தான் ஏறியது என்பதைக் கவனியுங்கள். விலையைக் கூட்டக் கூட்ட வாங்குகிறவர்கள் பின்வாங்குவதால், மீதியை விற்பவரே ஏற்க வேண்டியிருக்கிறது. பாதிக்குப் பாதி என்பது எப்போதும் பொருந்தும் விதி அல்ல. இந்தக் கணக்கில் இரண்டு கோடுகளின் சாய்வும் ஒரே அளவில் இருப்பதால் அப்படி வந்தது.

ஒரு மாணவியின் தாளில் விடை வேறாக இருந்தது. அளிப்புக்கோட்டை இடது பக்கம் சரியாகத் தள்ளியிருந்தாள். பிறகு தேவைக்கோட்டையும் அழகாக அளவுகோல் வைத்து இடது பக்கம் தள்ளி, "விலை மீண்டும் 60" என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள்தானே சார்? அதனால்தான் தேவையைக் குறைத்தேன்."

"சரி அம்மா, கடைசியில் விலை எவ்வளவு என்று எழுதியிருக்கிறாய்?"

"60, சார்."

"முதலில் எவ்வளவு?"

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலை ஏறியதால் தேவை குறைந்தது என்றாள். தேவை குறைந்ததால் விலை பழைய இடத்துக்கே வந்தது என்றாள். விலை ஏறவே இல்லையென்றால் வாங்குகிறவர்கள் எதற்காகக் குறைந்தார்கள்? அந்தக் கேள்விக்கு அவள் படத்தில் விடை இல்லை. ஒரே குறைவை இரண்டு முறை எண்ணிவிட்டாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம். வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், 80 கல் 70 ஆனது. ஆனால் அந்தக் குறைவு பழைய தேவைக்கோட்டிலேயே எழுதியிருக்கிறது. 65 ரூபாயைப் பழைய சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 200 - 130 = 70. பழைய சமன்பாடே புதிய அளவைச் சொல்லிவிட்டால் அந்தக் கோடு நகரவில்லை, அதன் மேல் புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. இதைத்தான் தேவைச் சுருக்கம் என்கிறோம். கோடே இடம் பெயர்ந்தால் அது தேவைக் குறைவு. எந்தக் கணக்கிலும் கடைசியில் இந்தச் சோதனையைச் செய்ய அரை நிமிடம் கூட ஆகாது.

'விலை' என்ற சொல்லைக் கண்டதும் புள்ளிதான் நகரும் என்று மனப்பாடமாக முடிவு செய்வதும் ஆபத்து. யாருடைய விலை என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தில் செய்த பளபளப்பான டைல்ஸின் விலை குறைந்தால் பூக்கல்லின் தேவைக்கோடு இடது பக்கம் நகரும். அது வேறு பொருளின் விலை. இந்தப் படத்தின் செங்குத்து அச்சில் இருப்பது பூக்கல்லின் விலை மட்டும்தான். அச்சில் உள்ளது மாறினால் புள்ளி நகரும், அச்சில் இல்லாதது மாறினால் கோடு நகரும்.

இன்னொரு பிழை கையிலேயே நிகழ்கிறது. "அளிப்பு குறைந்தது" என்று எழுதிவிட்டு, குறைவு என்றால் கீழே என்று கோட்டைக் கீழே இறக்கி வரைகிறார்கள். தேவைக்கோட்டுக்கு இது தற்செயலாகப் பொருந்திவிடும். அளிப்புக்கோட்டில் தலைகீழாகிவிடும்: கீழே இறக்கினால் அதே விலைக்கு அதிகக் கற்கள் வருகின்றன, அதாவது அளிப்பு கூடிவிட்டது; விலையும் குறைந்துபோகிறது. அளவு படுக்கை அச்சில் இருப்பதால் மேல், கீழ் என்ற பேச்சே வேண்டாம். குறைந்தால் இடம், கூடினால் வலம் என்று மட்டும் பாருங்கள் என்கிறேன்.

இரண்டு கோடுகளும் உண்மையிலேயே நகரும் கேள்விகளும் உண்டு. செலவு ஏறிய அதே சமயம், பழைய செட்டிநாட்டு வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகிறவர்கள் கூடுதலாகக் கல் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே தேவையைக் கூட்டியது பூக்கல்லின் விலை அல்ல, வெளியே இருந்து வந்த தனிக் காரணம். எனவே இரண்டு நகர்வும் சரி. தேவை 220 - 2P ஆனால் விலை 70, அளவு 80. அளவு பழைய இடத்திலேயே நிற்கிறது. தேவை 210 - 2P என்று சற்றே ஏறியிருந்தால் விலை 67.50, அளவு 75. பலமாக ஏறி 240 - 2P ஆகியிருந்தால் விலை 75, அளவு 90. மூன்றிலும் விலை ஏறியது. அளவோ ஒன்றில் மாறவில்லை, ஒன்றில் குறைந்தது, ஒன்றில் கூடியது.

கேள்வியில் எண்கள் தராமல் இப்படிக் கேட்டால், பிள்ளைகள் ஏதாவது ஒரு திசையைத் துணிந்து எழுதிவிடுகிறார்கள். "விலை உறுதியாக உயரும், அளவு எந்தப் பக்கம் போகும் என்பது எந்த நகர்வு பெரியது என்பதைப் பொறுத்தது" என்று எழுதினால் மழுப்பல் என்று திருத்துபவர் நினைப்பாரோ என்று பயப்படுகிறார்கள். அதுதான் முழு விடை.