கணக்கில் 2.37 போயிருக்கிறது: திருட்டா, சந்தாவா?

வங்கியின் புகார்ப் பிரிவில் என்னிடம் வருகிறவர்களில் பலர், பெரிய தொகை பறிபோன பிறகே வருகிறார்கள். அவர்களுடைய ஸ்டேட்மென்ட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு சின்னத் தொகை போயிருக்கும். "அதைப் பார்த்தேன் சார், சில்லறைதானே என்று விட்டுவிட்டேன்" என்பார்கள்.

திருடனுக்கு அந்தச் சில்லறை ஒரு சோதனை. திருடப்பட்ட கார்டு எண்கள் மொத்தம் மொத்தமாகக் கைமாறுகின்றன. வாங்கியவனுக்கு அவற்றில் எது இன்னும் வேலை செய்கிறது, எது முடக்கப்பட்டுவிட்டது என்று தெரியாது. நேராகப் பெரிய தொகையைப் போட்டால் வங்கியின் கண்காணிப்பு மென்பொருள் உஷாராகிவிடலாம். அதனால் கூடுதல் சரிபார்ப்பு கேட்காத ஏதாவது ஓர் இணையதளத்தில், நன்கொடைப் பக்கத்திலோ மலிவான டிஜிட்டல் பொருளிலோ, மிகச் சிறிய தொகையைப் போட்டுப் பார்ப்பான். பணம் போனால் எண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கார்டு டெஸ்டிங் என்கிறோம்.

ஆனால் தெரியாத சின்னத் தொகை எல்லாமே இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மறந்துபோன சந்தாக்கள் நிறையவே உண்டு. இரண்டும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் கலந்து வரும்போதுதான் சிக்கல்.

அப்படி ஒருவர் வந்தார். தெரியாத வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். 14ஆம் தேதி 4.99. அதே நாளில் 0.17. 21ஆம் தேதி 2.37. இவை தவிர 19ஆம் தேதி 1.00 போனதாக எஸ்.எம்.எஸ். வந்ததாம். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அது இல்லை. "அது திரும்பி வந்துவிட்டது, அதை விடுங்கள். இந்த 0.17தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு குறைவாக யார் எடுப்பார்கள்?" என்றார்.

அவர் சந்தேகப்பட்டது அப்பாவியான வரி. விடச் சொன்னதுதான் விஷயம்.

முதலில் 0.17. அதை 4.99 உடன் சேர்த்துப் பார்த்தால் புரியும். 4.99இல் 3.5 சதவீதம் போட்டால் 0.17 வருகிறது. வெளிநாட்டு வணிகருக்குப் பணம் போனால் வங்கி எடுக்கிற கட்டணம் அது. சில வங்கிகள் இதைத் தொகையோடு சேர்த்துவிடும், சில தனி வரியாகக் காட்டும். தனி வரியாக வந்தால் பலரும் பதறிப்போகிறார்கள். ஒற்றைப்படைச் சில்லறையாக ஏதாவது கண்ணில் பட்டால், அதே நாளிலோ ஓரிரு நாள் முன்னோ வந்த வேறு தொகையின் சதவீதமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து 4.99. முந்தைய மாத ஸ்டேட்மென்ட்டை எடுக்கச் சொன்னேன். அதிலும் 14ஆம் தேதி 4.99 இருந்தது. அதற்கும் முந்தைய மாதம் அதே தேதியில் 0.00 என்று ஒரு அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலில் கிடந்தது. இலவசச் சோதனைக் காலத்துக்காகக் கார்டு எண்ணைக் கொடுத்த நாள் அது. மாதாமாதம் ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே பெயர் என்றால் பெரும்பாலும் சந்தாதான். விடுமுறை நாளால் தேதி ஓரிரு நாள் தள்ளிப்போகும், நாணய மாற்று விகிதத்தால் தொகை கொஞ்சம் ஏறி இறங்கும். அதற்காகக் குழம்ப வேண்டாம். வருடச் சந்தாதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். அதற்குப் போன வருடம் அதே மாதத்து ஸ்டேட்மென்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

வணிகரின் பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிட முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. அந்த இடத்தில் இருபது சொச்சம் எழுத்துகளுக்குத்தான் இடம். அதிலும் முன்பகுதியை இடையில் நிற்கும் நிறுவனத்தின் பெயர் பிடித்துக்கொள்ளும். `PAYPAL *`, `GOOGLE *`, `SQ *` என்று தொடங்கினால் நட்சத்திரக் குறிக்குப் பிறகு வருவதுதான் உண்மையான வணிகர், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். `APPLE.COM/BILL` என்று வந்தால் எந்தச் செயலி என்பதே தெரியாது. அந்தக் கணக்கின் கொள்முதல் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் ஒரே கணக்கைப் பகிர்ந்திருந்தால், வீட்டில் ஒருவரைக் கேட்டாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் வருகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.

இன்னொன்று, வங்கியிடம் அந்த வரியின் எம்.சி.சி. எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு வணிகருக்கும் தொழில் வகையைச் சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கிறது. 5968 என்றால் சந்தா முறையில் விற்பவர். பெயர் புரியாவிட்டாலும் இது ஓரளவு துப்புக் கொடுக்கும்.

இப்போது 1.00. கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்க வணிகர்கள் சின்னத் தொகையை நிறுத்திவைத்து விடுவிப்பது வழக்கம்தான். புதிய செயலியில் கார்டைச் சேர்த்தால் அப்படி வரும். நிறுத்திவைத்த தொகை கணக்கில் பதிவாகாது, அதனால் ஸ்டேட்மென்ட்டிலும் வராது. எஸ்.எம்.எஸ்.ஸில் மட்டும்தான் தடம் இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த நேரத்தில் நீங்கள் எங்காவது கார்டைச் சேர்த்தீர்களா? இவர் சேர்க்கவில்லை. எஸ்.எம்.எஸ். வந்த நேரம் விடிகாலை 3 மணி. இரண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத வேறொரு பெயரில் 2.37. அதே இரவில் வேறொரு பெரிய தொகை நிராகரிக்கப்பட்டதாக ஒரு எஸ்.எம்.எஸ். அதையும் அவர் படித்துவிட்டுக் கடந்திருக்கிறார். பணம் போகவில்லையே என்ற நிம்மதி. சின்னத் தொகை, அப்புறம் கொஞ்சம் பெரியது, அப்புறம் நிராகரிப்பு: கார்டு டெஸ்டிங்கின் வரிசை பல நேரம் இப்படித்தான் இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் மோசடி என்றே எழுதிக் கொடுத்துவிடலாமே என்றார். இதைத்தான் பலரும் செய்கிறார்கள், பின்னால் அவதிப்படுகிறார்கள். 4.99ஐ மோசடி என்று புகார் கொடுத்தால், அந்த வணிகரிடம் பதில் இருக்கும். நீங்கள் முன்பு மறுப்புச் சொல்லாத பழைய கட்டணங்களையும், அதே ஐ.பி. முகவரி, அதே சாதனம் என்பதையும் காட்டி அவர் புகாரை முறியடிக்கலாம். விசா 2023 ஏப்ரலில் இருந்து இப்படிப்பட்ட ஆதாரத்துக்குத் தனி விதியே வைத்திருக்கிறது. அதோடு, ஒரு பொய்ப் புகார் இருந்தால் பக்கத்தில் இருக்கிற உண்மையான புகாரின் மீதும் சந்தேகம் விழும். சந்தா என்றால் வணிகரிடம் ரத்து செய்து, ரத்தை உறுதி செய்யும் மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால் அது வேறு வகைப் புகார். அதற்கு அந்த மின்னஞ்சல்தான் சாட்சி.

2.37க்காகக் கார்டை முடக்கிப் புதியது கொடுத்தோம். அந்தத் தொகையும் திரும்ப வந்தது. ஆனால் அடுத்த மாதம் 14ஆம் தேதி புதுக் கார்டிலேயே 4.99 போய்விட்டது என்று கோபமாகப் பேசினார். யாரோ உள்ளேயிருந்து எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். உண்மையில் விசாவும் மாஸ்டர்கார்டும் கார்டு எண் மாறினால், பதிவுசெய்த சந்தா வணிகர்களுக்குப் புதிய எண்ணைத் தெரிவிக்கும் சேவையை நடத்துகின்றன. வங்கியும் வணிகரும் அதில் இணைந்திருந்தால் சந்தா தானாகப் புதுக் கார்டுக்கு ஏறிக்கொள்ளும். கார்டை மாற்றினால் சந்தா நிற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வணிகரிடமும் ரத்து செய்யுங்கள், வங்கியிடமும் அந்த வணிகரின் தொடர் கட்டணத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி காலக்கெடு. எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்த கசிவு என்றால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் போனால் வங்கியின் சொந்தக் கொள்கைதான். கவனியுங்கள், இந்தக் கணக்கு எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்தே தொடங்கிவிடும். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுகிறவருக்கு அந்த மூன்று நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் கணக்கு ஸ்டேட்மென்ட்டிலிருந்து தொடங்குகிறது. கார்டு கையில் இருக்க எண் மட்டும் திருடுபோய் டெபிட் கணக்கில் பணம் போயிருந்தால், அதைக் காட்டும் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். தவறினால், அந்த 60 நாளுக்குப் பிறகு போகிற பணத்துக்கு நீங்களே பொறுப்பாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பணம் போன நாளிலிருந்து 13 மாதம் வரை அவகாசம் உண்டு. ஆனால் தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு 13 மாதத்தைக் காட்டி வாதாட முடியாது.

இவற்றுக்கு அடியில் கார்டு நிறுவனங்களின் சொந்தக் கெடுவும் ஓடுகிறது. மோசடியில் போன பணத்தை வணிகர் பக்கத்திலிருந்து திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் கோரிக்கையை விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பொதுவாக 120 நாளுக்குள் வங்கி போட்டாக வேண்டும். நாட்டுச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருந்தாலும், இந்தக் கெடு கடந்துவிட்டால் வங்கி அந்தப் பணத்தை வணிகர் பக்கத்திலிருந்து மீட்க முடியாது. அப்புறம் எங்கள் ஆட்கள் உங்களிடம் கேட்கிற கேள்விகள் கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

சொல்வது என்றால் ஹெல்ப்லைனில் பேசிவிட்டு வைப்பதல்ல. முதலில் செயலியில் கார்டைத் தற்காலிகமாக முடக்குங்கள். பிறகு பேசி, புகார் எண்ணையும் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தொகை, தேதி, ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே வணிகர் பெயர் போதும், கதை வேண்டாம். திரும்பி வந்துவிட்ட 1.00 எஸ்.எம்.எஸ்.ஸையும் கூடவே இணைத்துவிடுங்கள். இவருடைய புகாரில் எந்த எதிர்க் கேள்வியும் இல்லாமல் 2.37 திரும்பியதற்கு, அந்த விடிகாலை எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் வைத்திருந்ததும் ஒரு காரணம்.