காஸ்கரா: உமியும் அல்ல, தேநீரும் அல்ல

ஏற்காட்டிலும் சேலத்தில் புதிதாக வந்திருக்கும் காப்பிக் கடைகளிலும் ‘காப்பி உமித் தேநீர்’ என்று எழுதியிருப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். காய்ந்த காப்பிப் பழத்தோலை வெந்நீரில் ஊற வைத்துக் குடிக்கும் காஸ்கராவுக்குத்தான் இந்தப் பெயர். அந்தப் பெயரில் ‘உமி’யும் தவறு, ‘தேநீர்’ என்பதும் தவறு. உமி என்று படித்துவிட்டு வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள் வேறு ஏதோ ஒன்றைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காஸ்கரா என்பது ஸ்பானியச் சொல். உடைப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. முட்டை ஓடு, ஆரஞ்சுத் தோல், கொட்டைகளின் ஓடு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இந்த ஒரே சொல்தான். ஏமனில் இதே பானத்துக்கு இன்னும் பழைய பெயர் உண்டு: கிஷ்ர். இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அரபியில் கிஷ்ர் என்றாலும் தோல், பட்டை என்றே பொருள். நடுவில் ஆங்கிலத்தில் ‘ஹஸ்க்’ என்று வந்தது. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், ‘உமி’ என்று போட்டார், முடிந்தது. அவர் ஒரு காப்பிப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பழுத்த காப்பிப் பழத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வரும். கையில் நிற்பது சிவப்புத் தோல், அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கொஞ்சம் இனிப்பான சதை. இதைக் காய வைத்தால் அதுதான் காஸ்கரா. நழுவி வந்த கொட்டையின் மேல் இன்னொரு உறை இருக்கிறது. காய்ந்ததும் வெளிர்மஞ்சளாக, காகிதம்போல் நொறுங்கும். தோட்டங்களில் அதைப் பார்ச்மெண்ட் என்பார்கள். காப்பியில் எதையாவது உமி என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். நெல்லுக்கு உமி எப்படியோ அப்படி, மில்லில் உடைத்துத் தள்ளுகிற பொருள் இது. இதில் சாறும் இல்லை, ருசியும் இல்லை.

சேலத்தில் என் நண்பர் ஒருவர் ‘காப்பி உமி’ என்பதை அப்படியே நம்பி, தெரிந்தவர் மூலம் மில்லில் விழுந்ததை ஒரு பை வாங்கி வந்தார். கால் மணி நேரம் கொதிக்க வைத்தும் தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு மேல் போகவில்லை. வாயில் வைத்தால் நனைந்த அட்டையின் வாடை. ‘இதையா வெளிநாட்டில் காசு கொடுத்துக் குடிக்கிறான்?’ என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை, பெயர் வைத்தவர்மேல்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏமனில் பழத்தை முழுசாகக் காய வைத்துப் பிறகு உடைப்பதால் தோலும் அந்த உறையும் சேர்ந்தே வரும். நம் ஊரில் ‘செர்ரி’ என்று முழுப்பழமாகக் காயவைப்பதும் அதே முறைதான். அங்கேயும் ருசி தருவது தோல்தான், உறை கூட வருகிறது, அவ்வளவே. ஆனால் தரையில் கொட்டி வாரக்கணக்கில் காய்ந்த செர்ரியின் தோல் பெரும்பாலும் கறுத்து, மண்வாடை ஏறியிருக்கும். குடிப்பதற்கென்று சுத்தமாகக் காய வைக்காததை வாங்க வேண்டாம்.

சேர்வராயன் மலையில் அறுவடை பெரும்பாலும் நவம்பரில் தொடங்கித் தை வரை நீளும். வடகிழக்கு மழையும் பனிமூட்டமும் அப்போதுதான். தோல் கெட்டுப்போவதற்கு இதைவிட வேறு வேண்டாம். நாகலூர்ப் பக்கம் நான் பார்த்த முறையைச் சொல்கிறேன். நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, அன்றைக்கே தோலுரிக்கும் பல்ப்பர் எந்திரத்தில் கொடுக்கிறார்கள். வெளியே வரும் தோலைக் குவித்து வைக்கவே கூடாது. ஓர் இரவு குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிக் காலையில் காடி வாடை அடிக்கும். உடனே கம்பிவலைக் கட்டிலில் விரல் கனத்துக்குப் பரப்பி, முதல் நாள் அடிக்கடி கிளறி, சாயங்காலம் பனி விழுமுன் மூட வேண்டும். கையில் எடுத்து மடக்கினால் வளையாமல் ‘படக்’ என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பத்துக் கிலோ பழத்தில் ஏறக்குறைய நான்கு கிலோ தோல் வரும். அது காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது.

நல்ல தோல் அடர்சிவப்போ பழுப்போ ஆக இருக்கும், முகர்ந்தால் உலர்திராட்சை வாசம் வரும். வெள்ளைப் பூஞ்சை ஒட்டியிருந்தாலோ, பூசண வாடை இருந்தாலோ கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்றும் விற்பவரைக் கேளுங்கள். கொட்டையைத் தோலுக்குள்ளிருந்து எடுக்கிறோம், இங்கே அந்த மேல்தோலையே ஊற வைக்கிறோம்.

போடுவது சுலபம். ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லி தண்ணீருக்கு, ஆறு கிராம் தோல் போதும். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். நிறம் செம்பழுப்பாக இருக்கும். வாயில் வைத்ததும் பேரீச்சையின் இனிப்பு, பின்னாலேயே புளியின் லேசான புளிப்பு, கடைசியில் நாக்கில் ஒரு மெல்லிய துவர்ப்பு. வறுத்த கொட்டையின் கசப்போ வாசமோ துளியும் கிடையாது, அதை எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் துவர்ப்பு மற்றதையெல்லாம் மூடிவிடும். புளிப்பு இருப்பதால் பால் ஊற்றினால் திரியக்கூடும். தட்டிய இஞ்சியும் கொஞ்சம் பனங்கற்கண்டும் நன்றாகச் சேரும்.

சரி, ‘தேநீர்’ ஏன் கூடாது? தே என்றால் தேயிலை. இதில் ஓர் இலைகூட இல்லை. ‘ஹெர்பல் டீ’ என்பதைப் பார்த்து எதை ஊற வைத்தாலும் தேநீர் என்று எழுதும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. அதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. மூலிகைத் தேநீர் என்றால் காஃபின் இல்லை என்று மக்கள் நினைக்கிறார்கள். காப்பித்தோலில் காஃபின் உண்டு. வடிகாப்பியைவிடக் குறைவு, அவ்வளவுதான். இன்னொருவர் ‘காப்பித்தோல் குடிநீர்’ என்று எழுதியிருந்தார். சித்த மருத்துவத்தில் கஷாயத்துக்கு அது சரியான சொல், ஆனால் இது மருந்து இல்லை. ‘ஊறல்’ என்றால் சேலம் மாவட்டத்தில் போலீஸ் பிடித்து அழிக்கும் சாராய ஊறல்தான் ஞாபகம் வரும்.

தமிழ் இதற்கு எப்போதோ வழி செய்து வைத்திருக்கிறது. சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி என்கிறோமே, அவற்றில் பெரும்பாலும் காப்பிக் கொட்டையே இருக்காது. போடுகிற பொருளை முன்னால் வைத்துக் காப்பி என்று முடிப்பது நம் வீட்டு வழக்கம். அந்த வழக்கப்படி இது பழத்தோல் காப்பி. இங்கே அந்தத் தோலும் காப்பிச் செடியிலிருந்தே வருகிறது என்பதால் இன்னும் பொருத்தம். எது தோல் என்று கேட்டால் பறிக்கிற பெண்களே காட்டிவிடுவார்கள்.

காஸ்கரா என்றே எழுதுவேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ‘காஸ்கரா சாக்ரடா’ என்று வட அமெரிக்க மரப்பட்டை ஒன்று இருக்கிறது, பேதி மருந்து. பெயரை மட்டும் பார்த்து அதன் குணங்களை இதற்கு ஏற்றி, ‘மலச்சிக்கல் தீரும்’ என்று மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். காப்பிக்கும் அந்த மரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பையின்மேல் ‘காப்பிப் பழத்தோல், காஃபின் உண்டு’ என்று அச்சிட்டால் இந்தக் குழப்பம் எதற்கும் இடமிருக்காது.