மஞ்ச வயருக்கு மஞ்ச ஓட்டை எங்க?

போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி பாபநாசம் பக்கம் ஊர்ல இருக்குற சித்தப்பா கிட்டேந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு, போட்டோ மட்டும்தான், ஒரு வார்த்தை கூட இல்ல. டிவிக்குப் பின்னாடி இடியாப்பம் மாதிரி வயரு. வெள்ளை அடிக்கறதுக்காக டிவிய நகத்திருக்காங்கன்னு சுவத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. திருப்பி போன் போட்டா சித்தி எடுக்குறாங்க, "அவுக களத்துக்குப் போய்ட்டாக தம்பி, நெல்லு காயுதுல்ல, நீயே பாத்து சொல்லு"ன்னு வச்சுட்டாங்க.

சரி, என்ன கேக்குறாருன்னு போட்டோவையே கேப்போம்னு ஒக்காந்தேன்.

மொதல்ல கண்ணுல பட்டது தொங்கிட்டு இருந்த ஒரு ஹெச்டிஎம்ஐ வயர். இதத்தான் எங்க சொருகணும்னு கேக்குறாருன்னு டைப் பண்ணவே ஆரம்பிச்சுட்டேன், அப்பறம் பெரிசு பண்ணிப் பாத்தா அதோட முனைல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கு. வாங்கினதுலேந்து ஒரு தடவ கூட சொருகாத வயரு. அதுவும் போக, கேபிள் பாக்ஸோட பின்பக்கம் போட்டோவுல பாதி தெரிஞ்சுது, அதுல ஹெச்டிஎம்ஐ ஓட்டையே இல்ல, மஞ்சள் வெள்ளை சிவப்புன்னு மூணு வட்டம்தான். இங்க ஒரு விஷயம், குழப்பமான வயரப் பாக்கும்போது டிவி பக்கம் ஆரம்பிக்கக் கூடாது. டிவில ஓட்டை பத்து இருக்கும், எதுவும் சாத்தியம்னு தோணும். பாக்ஸ்லேந்து என்ன வெளில வர முடியும்னு பாத்தா மூணுல ஒண்ணுன்னு வேலை முடிஞ்சுது.

அந்த மூணு வயர்ல ரெண்டு டிவில சொருகிருக்கு, ஒண்ணு தொங்குது. தொங்குறது போட்டோவுக்கு நட்ட நடுவுல இருக்கு, போனும் அது மேலதான் ஃபோகஸ் வச்சிருக்கு, மத்த வயரெல்லாம் கொஞ்சம் மங்கல். ஆக கேள்வி இதுதான். ஆனா தொங்குறது மஞ்சளா வெள்ளையா?

இது சில்லறை சந்தேகம் இல்ல. மஞ்சள்னா படம், வெள்ளைன்னா இடது பக்க சத்தம், பதிலே மாறிடும். அந்த அறைல எரியுறது மஞ்ச வெளிச்சம் தர்ற பல்பு, அதுக்குக் கீழ வெள்ளை முனையும் லேசா மஞ்சளாத்தான் தெரியும். நம்ம கண்ணு அத சரி பண்ணிக்கும், நேர்ல நின்னா வெள்ளைன்னுதான் சொல்லுவோம். போன் கேமராவும் வெளிச்சத்த யூகிச்சு கலர மாத்தும், அந்த யூகம் பாதி நேரம் தப்பு. அதனால ஒரு கலர தனியா நம்பக்கூடாது, அதே போட்டோவுல வெள்ளைன்னு நமக்கு உறுதியாத் தெரிஞ்ச ஒரு பொருளோட ஒப்பிடணும். புதுசா அடிச்ச சுவரு இருக்கேன்னு பாத்தேன், ஆனா எங்க ஊர்ல சுண்ணாம்புல ஒரு சிட்டிகை நீலம் கலப்பாங்க, அது பளிச்சுன்னு ஏமாத்தும். பாக்ஸ் மேல ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர வச்சுப் பாத்தேன். சொருகியிருந்த முனை ஸ்டிக்கர் கலர்லயே இருந்துச்சு, தொங்குனது அதவிட நல்ல மஞ்சள். ஆக தொங்குறது படத்துக்கான வயரு.

இப்ப சித்தப்பாவோட கஷ்டம் புரிஞ்சுது. அவரு டிவில மஞ்ச ஓட்டையே கிடையாது! வரிசையா பச்சை, நீலம், சிவப்பு, அப்பறம் வெள்ளை, சிவப்புன்னு அஞ்சு இருக்கு. சிவப்புக்கு சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை போட்டுட்டு மஞ்சள கைல வச்சுட்டு நின்னுருக்காரு பாவம். இந்த மாதிரி டிவில எடத்த மிச்சம் பண்ண பச்சை ஓட்டையையே ரெண்டு வேலைக்கு வச்சிருப்பாங்க, பக்கத்துல `VIDEO/Y`ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். சிலதுல பச்சை வளையத்துல பாதி மஞ்சளா இருக்கும். மஞ்ச வயரு பச்சைல போகணும்.

அதோட நிக்கல. சிவப்பு ரெண்டு இருக்கே. பச்சை நீலத்தோட சேந்த சிவப்பு படத்தோட கலருக்கு, வெள்ளைக்குப் பக்கத்து சிவப்புதான் வலது பக்க சத்தம். சித்தப்பா நீலத்துக்குப் பக்கத்துல சொருகிருந்தாரு. அவரு கேக்காத கேள்வி இது, ஆனா சொல்லலைன்னா நாளைக்கு இன்னொரு போட்டோ வரும்.

அவரு அனுப்பின போட்டோலயே பச்சைய வட்டம் போட்டு, சிவப்புக்கு ஒரு அம்பு போட்டு திருப்பி அனுப்பினேன். எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு, ஒருவேளை கலர நான் தப்பா பாத்திருந்தா? அதுக்கு ஒரு சோதனை இருக்கு. தொங்குற வயர வெள்ளை ஓட்டைல வச்சா ஸ்பீக்கர்ல "கொர்ர்ர்"னு சத்தம் வரும், அது படத்தோட வயரு. படம் விநாடிக்கு 50 தடவ மேலேந்து கீழ வரையப்படுது, அந்த 50 துடிப்ப ஸ்பீக்கர் சத்தமா மாத்திடுது. பாட்டோ பேச்சோ கேட்டா அது சத்தத்தோட வயரு. ஒரு வோல்ட் அளவுதான் ஓடுது, மாத்தி சொருகினாலும் எதுவும் புகையாது. இத சித்தி கிட்ட போன்ல சொல்லி செய்யச் சொன்னேன், "அய்ய, கொர்ருங்குது தம்பி"ன்னாங்க. முடிஞ்சுது.

முடியல. பச்சைல சொருகினதும், "படம் வருது, ஆனா கறுப்பு வெள்ளையா இருக்கு, பொடிப்பொடியா புள்ளி வேற"ன்னாங்க. இது வயரு கோளாறே இல்ல. மஞ்ச வயர்ல வெளிச்சம், கலர் ரெண்டும் ஒரே கம்பில போகுது, வெளிச்சத்துக்கு மேல விநாடிக்கு 44 லட்சம் தடவ துடிக்கிற ஒரு அலைல கலர ஏத்தி அனுப்புறாங்க. 1982ல தூர்தர்ஷன் கலர் ஒளிபரப்ப ஆரம்பிச்சப்ப பழைய கறுப்பு வெள்ளை டிவியெல்லாம் அப்படியே ஓடினதுக்கு இதுதான் காரணம், அதுங்களுக்கு வெளிச்சம் மட்டும் புரியும், கலர் அலை மெல்லிசான புள்ளியாத் தெரியும். சித்தப்பா டிவில சோர்ஸ் `Component`ல நின்னுருக்கு. அப்ப டிவி பச்சை ஓட்டைல வெறும் வெளிச்சம்தான் வரும், கலர் நீலத்துலயும் சிவப்புலயும் தனியா வரும்னு காத்திருக்கும். அங்க ஒண்ணும் இல்ல, அதனால ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவியா மாறிடுச்சு. ரிமோட்ல சோர்ஸ் அமுக்கி `AV`ன்னு வைக்கச் சொன்னேன், சித்திக்கு அந்த பட்டன் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம்.

ராத்திரி எட்டு மணிக்கு சித்தப்பா கிட்டேந்து இன்னொரு போட்டோ. டிவில சீரியல், கலரு சரியா இருக்கு. அந்த ஹெச்டிஎம்ஐ வயரு மூடியோட அப்படியே ஆணில தொங்குது. இதுலயும் ஒரு வார்த்தை இல்ல.