புகுந்த வீட்டுக் கனவும் கைக்கு வராத சாவியும்

புகுந்த வீடு என்றதும் மணமகளையே நினைக்கிறோம். ஆனால் திருகோணமலையில் பல குடும்பங்களில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதால், பெட்டியோடு வந்து புதுவீட்டுக்குப் பழக வேண்டியவர் மாப்பிள்ளைதான். உளவளத்துணையாளராக நான் கேட்ட கனவுகளில், இத்தகைய மருமகன்மாரின் கனவுகளே அதிகம் பேசப்படாதவை. அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன்.

தம்பலகாமத்தில் வயல்வெளியோடு வளர்ந்த ஓர் இளைஞர், திருமணமாகி உப்புவெளியில் மனைவியின் பெற்றோரோடு குடியேறினார். இரண்டாம் மாதத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது: விறாந்தையில் நிற்கிறார், அறைகள் பெருகிக்கொண்டே போகின்றன, மாமி வந்து, “தம்பி, ஆரைத் தேடி வந்தீங்க?” என்று கேட்கிறார். இது பிரிவுக்கான சகுனமோ என்ற பயத்தில் அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கனவில் வரும் மாமிக்கு இதுதான் பொருள் என்று சொல்லும் அகராதி எதுவும் என்னிடம் இல்லை. அப்படி ஒன்றை நம்பவும் வேண்டாம். விழித்திருக்கும்போது மனத்தை அழுத்தும் விடயங்களே கனவிலும் தொடர்கின்றன என்பதை ஆய்வுகள் பெரும்பாலும் ஆதரிக்கின்றன. முந்திய நாளின் சம்பவங்கள் மட்டுமன்றி, ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முந்தியவையும் கனவில் தலைகாட்டக்கூடும். ஆகவே தலையணை அருகே கொப்பி ஒன்றை வைத்து, விழித்த உடனேயே கனவையும் அப்போதிருந்த உணர்வையும் எழுதி, கீழே அந்த வாரம் வீட்டில் நடந்தவற்றையும் குறிக்கச் சொன்னேன்.

மூன்று வாரங்களில் ஐந்து கனவுகள் பதிவாகின. ஐந்திலும் அவர் எழுதிய உணர்வு பயமன்று, கூச்சம். பகற்குறிப்புகளில் அதற்கான இடம் தெரிந்தது: வேலை முடிந்து வந்தால் கேற்றில் நின்று மணியடிக்கிறார், பசித்தாலும் குசினிக்குள் தானாகப் போவதில்லை. வீட்டுச் சாவி அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. மாமி மறுத்ததால் அல்ல; யாருக்கும் அது தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். “கனவில் என்னைத் துரத்தினீங்க” என்று காலைத் தேநீரோடு மாமியிடம் சொன்னால், செய்யாத குற்றத்துக்கு அவர் பதில் சொல்ல நேரும். கனவை விட்டுவிட்டு, பகலில் குறைவதை மட்டும் கேட்பதே நல்லது. அவர் மனைவியிடம் சாவியைப் பற்றிப் பேசினார். மறுநாள் மாமாவே ஒன்றை வெட்டுவித்துக் கொடுத்தார். கனவு உடனே நிற்கவில்லை. அடுத்த மாதமும் ஒருமுறை வந்தது. ஆனால் அதில் அவர் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

எல்லாக் கனவும் இப்படி இலகுவானதன்று. வியர்த்துப் பதறி எழும் கெட்ட கனவுகள் வாரந்தோறும் வந்து, உறங்கவே அச்சமூட்டினால் மருத்துவரைப் பாருங்கள். கட்டணமற்ற தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இரவிலும் இயங்குகிறது. பகலிலேயே அடியோ சீதன நெருக்குதலோ இருந்தால், கொப்பியில் கனவு எழுதிக் காத்திருக்காமல் அதற்கே முதலில் உதவி கேளுங்கள்.