நீளமான அன்டெனாவும் பணிய லயமும்

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேட்டு லயத்தில் நடுவீடு அவருடையது. வைஃபை ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது. அதே லயத்தின் கடைசி வீட்டில் தம்பி, படிக்கட்டு இறங்கிப் போனால் பணிய லயத்தில் அக்கா. மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு. ரவுட்டரோடு வந்த குட்டை அன்டெனா இரண்டையும் கழற்றிவிட்டு, 8 டிபிஐ என்று அச்சிட்ட நீளமான இரண்டைப் பூட்டியிருக்கிறார். தம்பி வீட்டில் இப்போது நன்றாக எடுக்கிறதாம். அக்கா வீட்டிலோ முன்பு வந்ததும் போய்விட்டது. "பவர் கூடின அன்டெனா போட்டா எல்லாப் பக்கமும் கூடத்தானே வேணும்?" என்று கேட்கிறார்.

அன்டெனாவுக்குப் பவர் கிடையாது. அதற்குள் மின்கலமும் இல்லை, பெருக்கியும் இல்லை. ரவுட்டர் எவ்வளவு சக்தியை அனுப்புகிறதோ, அது பெரும்பாலும் 100 மில்லிவாட் அளவில் இருக்கும், அதைத்தான் அன்டெனா வெளியே விடுகிறது. நீளமானதைப் பூட்டினாலும் மொத்தம் அதே 100 மில்லிவாட்தான். மாறுவது அது எந்தத் திசைக்கு எவ்வளவு போகிறது என்பது மட்டுமே. ரொட்டி மாவு உருண்டையைத் தட்டினால் அகலும், ஆனால் மெலியும், மாவு கூடாது. அதேபோல நீளமான அன்டெனா கிடையாகப் பரவும் அலையைக் கூட்டுகிறது. அந்தக் கூடுதல் மேலேயும் கீழேயும் போக வேண்டியதிலிருந்து எடுத்தது.

டிபிஐ என்ற அளவும் இதைத்தான் சொல்கிறது. எல்லாத் திசைக்கும் சமமாகக் கதிர்வீசும் ஒரு கற்பனை அன்டெனாவோடு ஒப்பிட்டால், மிகச் சிறந்த திசையில் இது எத்தனை டெசிபெல் கூடுதல் என்பதே கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண் அந்த ஒரு திசைக்குரியது. மற்றத் திசைகளைப் பற்றிப் பெட்டி பேசாது. பழைய குட்டை அன்டெனா 2 டிபிஐ என்று வைத்துக்கொண்டால், புதியது அதைவிட 6 டெசிபெல் கூடுதல், அதாவது 4 மடங்கு. தடையில்லாத வெளியில் 4 மடங்கு சக்தி இரு மடங்கு தூரத்துக்கு ஈடு. தம்பி வீட்டில் நடந்தது அதுதான். அவர் வீடும் ரவுட்டரும் ஒரே மட்டம்.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். எனக்கு இந்தக் கேள்வியிலேயே பிடித்த இடம் இது.

2.4 கிகாஹேட்ஸ் வைஃபை அலையின் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர். குட்டை அன்டெனாவின் பிளாஸ்டிக் உறைக்குள் அதில் பாதி நீளத்துக்கு, அதாவது 6 சென்ரிமீற்றர் அளவுக்கு, ஓர் உலோகத் துண்டு இருக்கும். நீளமானதின் உறையைப் பிரித்துப் பார்த்தால் அப்படிப்பட்ட துண்டுகள் நான்கு, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதைக் காணலாம். துண்டுக்குத் துண்டு இடையில் கம்பி ஒரு சிறு சுருளாகச் சுற்றியிருக்கும், அல்லது மடிந்திருக்கும். அந்தச் சுருள் அழகுக்காக இல்லை. மின்னோட்டத்தை அது சற்றுத் தாமதப்படுத்தி, நான்கு துண்டுகளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி செய்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு துண்டு ஏறும்போது அடுத்த துண்டு இறங்கிக்கொண்டிருக்கும்.

நான்கும் ஒன்றாக ஆடுகின்றன. இப்போது தம்பி வீட்டிலிருந்து பாருங்கள். அன்டெனா செங்குத்தாக நிற்கிறது, அவர் அதே மட்டத்தில் இருக்கிறார். நான்கு துண்டுகளும் அவருக்குச் சம தூரம். நான்கு அலைகளும் முகடோடு முகடாக, பள்ளத்தோடு பள்ளமாக வந்து சேர்ந்து கூடுகின்றன.

பணிய லயத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. வாசகர் எழுதிய அளவுப்படி அக்கா வீடு கிடையாக 22 மீற்றர் தள்ளி, 8 மீற்றர் கீழே. கோணம் 20 பாகை. அங்கிருந்து மேலே பார்க்கும்போது அன்டெனாவின் அடித்துண்டு கிட்ட, நுனித்துண்டு எட்ட. துண்டுக்குத் துண்டு இடைவெளி 9 சென்ரிமீற்றர் என்றால், 20 பாகையில் ஒவ்வொரு துண்டின் அலையும் முந்தியதைவிட ஏறக்குறைய 3.1 சென்ரிமீற்றர் கூடுதலாக நடந்து வர வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 6.2 சென்ரிமீற்றர். அது சரியாக அரை அலைநீளம்! முதலாவதின் முகடு வரும்போது மூன்றாவதின் பள்ளம் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரண்டாவதும் நான்காவதும் அதே மாதிரி. நான்கு துண்டும் முழு வீச்சில் ஒலிபரப்பிக்கொண்டிருக்க, அந்தக் கோணத்தில் நேராகப் போகும் அலை ஏறத்தாழப் பூச்சியம்.

முழுப் பூச்சியம் ஆகாததற்குக் காரணம், கருங்கல் சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் சுற்றுவழியில் கொஞ்சம் வந்து சேர்வதுதான். வாசகர் அக்கா வீட்டு முற்றத்தில் போனை வைத்துப் பார்த்த எண்களும் அதையே காட்டுகின்றன. பழைய அன்டெனாவில் −71 டிபிஎம், புதியதில் −80. டிபிஎம் என்பது போனுக்கு வந்து சேரும் சிக்னலின் அளவு, எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். குட்டை அன்டெனா 20 பாகையில் தன் உச்சத்திலிருந்து 1 டெசிபெல்கூடக் குறையாது. அதனால்தான் முன்பு பிரச்சினை தெரியவில்லை. நான்கு துண்டு அன்டெனாவோ 9 பாகை இறங்கினாலே பாதியாகிவிடும். கொழும்பில் ஒரே தள வீட்டில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் மலையில் பக்கத்து லயம் என்றாலே அது மேலே அல்லது கீழேதான்.

இரண்டு அலை சேர்ந்தால் இருட்டும் வரலாம் என்பது உயர்தரப் பௌதிகவியலில் இருக்கிற பாடம். இரட்டைத் துவாரப் பரிசோதனை என்று படமாகக் கீறிப் புள்ளி வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். பெருந்தோட்டப் பகுதியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகளே குறைவு. இருக்கிற இடத்திலும் ஆய்கூடம் பூட்டிக் கிடப்பதுண்டு. ஒரு ரவுட்டரும் ஒரு போனும் படிக்கட்டும் இருந்தால் பிள்ளைகள் அந்தப் பாடத்தை ஒரு பிற்பகலில் கையால் அளந்துவிடலாம். ஆய்கூடத்துக்குக் காசு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அது வரும்வரை இதைச் செய்யலாம்.

நீளமான அன்டெனாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கதிர்வீச்சு கூடுமாம், ரவுட்டரில் ஒட்டினால் அதைத் தடுக்குமாம் என்று ஒரு ஸ்டிக்கரும் விற்கிறார்கள். வெளியே போகும் மொத்தச் சக்தி மாறவில்லை என்று மேலேயே பார்த்தோம். அந்த ஸ்டிக்கர் அலையை உண்மையிலேயே தடுத்தால் வைஃபை வேலை செய்யாது. வைஃபை வேலை செய்தால் ஸ்டிக்கர் எதையும் தடுக்கவில்லை. அதை வாங்கக் கொடுக்கும் காசு முழுக்க நட்டம்.

அன்டெனாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எந்தத் திசைக்கு அது கூடுதலாக அனுப்புகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதையும் அதே அளவு கூடுதலாகக் கேட்கும். போன் அனுப்பும் சக்தி பொதுவாக ரவுட்டரினதைவிடக் குறைவு. ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டினால் போனில் கோடு நிறைந்திருக்கும், ஆனால் போன் திருப்பி அனுப்புவது ரவுட்டருக்குக் கேட்காது. அன்டெனா இரண்டு பக்கத்தையும் சேர்த்து உயர்த்துகிறது. தம்பி வீட்டில் வீடியோ அழைப்பு அறுபடாமல் போவது இதனால்தான்.

மாறாதவையும் இருக்கின்றன. வாங்கிய பெக்கேஜின் வேகம் அன்டெனாவால் கூடாது. வெளியிலிருந்து ரவுட்டருக்கு 10 மெகாபிட்ஸ் வந்தால் அதுவே உச்சம். போனுக்குள் இருக்கும் அன்டெனா அதே குட்டி அன்டெனாதான். கருங்கல் சுவர் விழுங்குவதை 6 டெசிபெல் சிறிதளவே ஈடுசெய்யும்; தகரத்தட்டியை எந்த அன்டெனாவும் ஊடுருவாது. அப்புறம், அந்தத் திசையில் அயலவர் ரவுட்டர்கள் இருந்தால் அவற்றின் இரைச்சலையும் புதிய அன்டெனா 4 மடங்காகக் கேட்கும்.

வாங்கப் போகிறவர்கள் நீளத்தைப் பாருங்கள். கூடுதல் டிபிஐக்குக் கூடுதல் துண்டுகள் வேண்டும், துண்டுகளுக்கு நீளம் வேண்டும். 2.4 கிகாஹேட்ஸில் 8 டிபிஐ என்றால் 35 சென்ரிமீற்றர் அளவாவது இருக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் குழாயில் 12 டிபிஐ என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பூட்டும் வாயையும் பாருங்கள். வைஃபை ரவுட்டரில் வெளிப்புற மரையும் நடுவில் ஊசியும் இருக்கும். சிம் போடும் 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் அதே மரை, ஆனால் நடுவில் துளை. வைஃபை அன்டெனாவை 4ஜி ரவுட்டரில் பூட்டினால் அழகாக இறுகும். உள்ளே துளைக்கு எதிரே துளை, உலோகம் உலோகத்தைத் தொடாது. புது அன்டெனா போட்டதும் சிக்னல் படுத்துவிட்டது என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இனி அக்கா வீட்டுக்கு என்ன செய்யலாம்? இரண்டு அன்டெனாவில் ஒன்றை நேராகவே விடுங்கள், அது தம்பிக்கு. மற்றதின் நுனியைப் பணிய லயத்தின் பக்கமாக 20 பாகை சாயுங்கள். அன்டெனாவுக்குக் குறுக்கான தளத்தில்தான் அலை கூடுகிறது, ஆகவே நுனி சாயும் பக்கத்தில் அந்தத் தளம் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத்தில் அதே அளவு மேலே ஏறும். அங்கே தேயிலைதான் இருப்பதால் நட்டமில்லை. இரண்டு அன்டெனாவும் சேர்ந்து தரும் உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் அந்த உச்சம் எப்படியும் கிடைப்பதில்லை. சாய்த்துவிட்டு அக்கா வீட்டுக்குள், போன் வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்து ஒரு நிமிடம் எண்ணைப் பாருங்கள். அது ஆடும், சராசரியை எடுங்கள். −67க்கு மேலே வந்தால் வீடியோ அழைப்புக்குப் போதும். 5 பாகை கூட்டியும் குறைத்தும் பாருங்கள். −75ஐத் தாண்டவே இல்லை என்றால் பழைய குட்டை ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் பணிய லயத்தில் இரண்டாவது ரவுட்டர் வைத்து வயர் இழுப்பதுதான் வழி. லேன் வயர் 100 மீற்றர் வரை போகும், தூரம் பிரச்சினையில்லை. ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும் மலையில் வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி வெட்டவெளியில் போவது ஆபத்து. அந்த 25 மீற்றருக்கு ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் வயருக்கு மாற்றித் தரும் பெட்டி வையுங்கள்.