பம்பர் என்றால் மோதுதாங்கியா? இடைத்துணுக்கு என்று சொல்வோம்

ராயபுரத்தில் வீடியோ எடிட்டிங் சொல்லித்தரும் ஒரு பயிற்சி மையத்தின் கையேட்டை, அங்கே படிக்கும் தம்பி ஒருவன் கொண்டுவந்து காட்டினான். தொடர் வீடியோவில் எப்போதும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டிய மூன்று உறுப்புகளை அதில் தமிழில் கொடுத்திருந்தார்கள்: தொடக்கத்தில் வரும் இன்ட்ரோவுக்கு ‘அறிமுகம்’, கடைசியில் வரும் அவுட்ரோவுக்கு ‘வெளிமுகம்’, பகுதிகளுக்கு நடுவில் வரும் பம்பருக்கு ‘மோதுதாங்கி’. இந்த மோதுதாங்கியை நான் கேட்பது இது மூன்றாவது முறை. இதற்கு மேலும் சும்மா இருந்தால் அது நிலைத்துவிடும்.

முதலில் பிறப்பு. இன்ட்ரோ என்பது உள்ளே அழைத்துப் போவது என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லின் தலைப்பகுதி. அவுட்ரோ அதைப் பார்த்து ஆங்கிலத்தார் ஒட்டவைத்த சொல். லத்தீனில் அப்படி ஒன்று கிடையாது. பம்பருக்கு இரண்டு முகம். விளிம்பு வரை நிரப்பிய கோப்பைக்கு ஒருகாலத்தில் அந்தப் பெயர். அந்த நிறைவுதான் பம்பர் விளைச்சலிலும், 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடைசெய்யும் வரை நம் தெருவெங்கும் கேட்ட பம்பர் குலுக்கலிலும் இருக்கிறது. இன்னொரு முகம் வண்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் கம்பி. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் வரும் சில நொடித் துண்டைத் தொலைக்காட்சிக்காரர்கள் பம்பர் என்கிறார்கள். யூடியூபில் 6 நொடிக்கு மேல் போகாத, தாண்ட முடியாத விளம்பரத்துக்கும் பம்பர் என்றே பெயர். அது வேறு சரக்கு, இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

மோதுதாங்கி என்று எழுதியவர் சொல்லக்கூடிய நியாயம் எனக்குத் தெரியும். “இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று முட்டாமல் தடுக்கிறது, அதனால் பெயர் பொருத்தம்தானே” என்பார். ஆங்கிலம் பேசுகிறவன் அந்தத் துண்டைப் பம்பர் என்று சொல்லும்போது வண்டி அவன் கண்ணில் வருவதில்லை. சொல் தேய்ந்து பழகிவிட்டது. தமிழில் மோதுதாங்கி என்றதும் முதலில் வருவது மோதல். தேய்ந்த உருவகத்தைப் பெயர்த்து வைத்தால் அது புதிதாய் உயிர் பெற்றுக் கேட்பவனைத் தப்பான பக்கம் இழுக்கும்.

இழுத்தது. அந்தத் தம்பி காசிமேட்டு மீன்களைப் பற்றி வாரம் ஒரு மீனாக 12 நிமிடத் தொடர் ஒன்று தயாரிக்கிறான். விடியற்காலை ஏலம், மீனை அறுக்கும் முறை, குழம்பு என்று மூன்று பகுதி. பகுதிக்குப் பகுதி நடுவே அவன் வைத்திருந்தது இரும்பு மோதும் சத்தம், ‘டமார்’ என்று, திரை முழுக்கப் பொறி பறக்க. ஏன்டா இப்படி என்றேன். “இன்னாண்ணா, மோதுதாங்கின்னுதானே போட்டுக்கீது” என்றான். ஏலக்காரர் குரலைவிட அந்தச் சத்தம் பல மடங்கு பெரிது. கேட்பவர் ஒலியைக் குறைப்பார், அடுத்த பகுதியில் பேச்சு கேட்காது, மறுபடி கூட்டுவார். இரண்டாவது டமாரில் வீடியோவை மூடிவிடுவார்.

வெளிமுகம் செய்த கேடு வேறு. முகம் என்று இருக்கிறதே என்று கடைசியில் தன் முகத்தை நடுத்திரையில் பெரிதாக வைத்திருந்தான். யூடியூபில் வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் அடுத்த வீடியோவின் கட்டங்களை வைக்க முடியும். அந்தக் கட்டங்கள் அவன் மூக்கிலும் கண்ணிலும் போய் உட்கார்ந்தன. அறிமுகத்துக்கு எதிராக வெளிமுகம் என்று செய்திருக்கிறார்கள் போலும். ‘அறி’க்கு எதிர்ச்சொல் ‘வெளி’ என்று எந்த வாத்தியார் சொன்னார்?

நடுவில் நிற்கும் சிறு துண்டுக்குத் தமிழில் பெயர் வைத்த வழக்கம் இல்லாமலா இருந்தது? பழைய செய்யுள் வகையான ஒத்தாழிசைக் கலிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு முன்னால் வரும். தாழிசை மூன்று அடுக்கி வரும். பிறகு ‘எனவாங்கு’ போன்ற ஒரு சொல் தனியே நிற்கும். அதன் பெயர் தனிச்சொல். அதைத் தாண்டியதும் சுரிதகம் பாட்டை முடித்துவைக்கும். தாழிசையின் ஓட்டத்திலிருந்து செவியை விடுவித்து முடிவுக்குத் திருப்புவது தனிச்சொல்லின் வேலை. பம்பரின் வேலையும் அதேதான். பெயர் வைத்தவர்கள் அது எதை இடிக்கிறது என்று பார்க்கவில்லை, எங்கே எப்படி நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர்களையே எடுத்து ஆள முடியாது. தரவு இன்று கணினித் தகவலுக்குப் போய்விட்டது, சுரிதகம் என்றால் தொகுப்பறையில் எவருக்கும் விளங்காது. பெயரிடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் பம்பருக்கு இடைத்துணுக்கு. வார இதழில் கதை முடிந்து பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் வருமே, அந்தத் துணுக்கை அறியாத தமிழ் வாசகர் இல்லை. துணுக்கு என்றால் சிரிப்பு வரவேண்டுமே என்று ஒருவர் கேட்டார். ‘இடை’ என்பது முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. இன்ட்ரோவுக்கு முகப்பு: வீட்டு முகப்பைப் பார்த்ததுமே யார் வீடு என்று தெரிவதுபோல. அறிமுகம் வேண்டாம் என்பதற்குக் காரணம், ‘வணக்கம், இன்றைக்கு வஞ்சிரம்’ என்று பேசுவதுதான் அறிமுகம். அது வாரம்தோறும் மாறும், முகப்பு மாறாது. அவுட்ரோவுக்கு முடிப்பு. முடிவு என்றால் தீர்ந்தது, எழுந்து போகலாம் என்று பொருள். முடிப்பில் முடிச்சுப் போடுவது இருக்கிறது. இந்த வாரத்தை அடுத்த வாரத்தோடு கட்டுவதற்குத்தானே அந்த 20 நொடி?

டெம்ப்ளேட்டுக்கு அந்தக் கையேடு சொன்ன வார்ப்புருவில் எனக்குக் குறையில்லை. என் அப்பா எண்ணூரில் வார்ப்பட வேலை பார்த்தவர். அச்சு ஒன்று, ஊற்றும் உலோகம் ஒவ்வொரு முறையும் புதிது. சிலர் எழுதும் ‘மாதிரி’யில் இந்தப் பொருள் இல்லை, மாதிரியைப் பார்த்து வேறாகவும் செய்யலாம்.

பெயரை மாற்றிச் சொன்னபிறகு தம்பியோடு உட்கார்ந்து மூன்றையும் திரும்பச் செய்தோம். அவன் நொடிக்கு 25 ஃப்ரேமில் வேலை செய்கிறான். முகப்பு 5 நொடி, அதாவது 125 ஃப்ரேம். முகப்புக்கு முன்னால் ஏலக்குரலை 15 நொடி விட்டோம், பார்க்க வந்தவரை முதலில் மீன்தான் பிடித்து நிறுத்தும். இடைத்துணுக்கு 2 நொடி, 50 ஃப்ரேம், இரண்டு இடத்தில். சத்தம் முகப்பு இசையின் கடைசி மூன்று சுரம்தான். ஒன்றரை நொடியில் அடங்கிவிடும். மிச்ச அரை நொடி அமைதி, அடுத்த பேச்சு இசையின் வாலில் ஏறாமல் இருக்க. பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, அதைவிட ஒரு படி கீழேயே நிறுத்தினோம். முடிப்பு 20 நொடி: வலப்பக்கம் கட்டங்களுக்குக் காலி இடம், இடப்பக்கம் துறைமுகத்துப் படகுகள், மேலே அவன் குரல். வார்ப்புருவில் மாறக்கூடியது மீனின் பெயர் ஒன்றுதான். ‘வவ்வால்’ என்றாலும் ‘நெத்திலி’ என்றாலும் எழுத்து ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ‘கொடுவா’வுக்குச் சரியாக இருந்த அளவில் ‘சங்கரா’ வெளியே நீட்டிக்கொண்டது, எழுத்தைச் சிறிதாக்கினோம்.

மொழிபெயர்க்க உட்காருபவர்கள் தொகுப்பறையில் ஒரு நாள் உட்கார வேண்டும். அகராதியைப் புரட்டி முதல் பொருளைப் பிடுங்கி நடுகிறார்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு பையன் வேலை செய்யப்போகிறான் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. சொல் தெரியாதபோது பம்பர் என்றே எழுதிவிட்டுப் போகலாம், அதில் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடன்சொல் யாரையும் இரும்புச் சத்தம் தேட வைக்காது.

தம்பியின் கணினியில் இப்போது மூன்று கோப்புகள் இருக்கின்றன: முகப்பு, இடைத்துணுக்கு, முடிப்பு. போன வாரம் போனில், “அண்ணா, துணுக்க ரெண்டாவது எடத்துல கொஞ்சம் முன்னாடி தள்ளட்டா?” என்று கேட்டான். தள்ளு என்றேன்.