தியானக் காணொளிக்குக் குரல் கொடுப்பவர்களே, குரலை இழுக்காதீர்கள்

பதிவு செய்த குரலை எடிட்டிங் மென்பொருளில் போட்டு எண்பது சதவீத வேகத்துக்கு இழுத்துவிட்டு, "இப்போ அமைதியா இருக்கா சார்?" என்று கேட்டு அனுப்புகிறார்கள். இல்லை. தூக்க மாத்திரை போட்டவர் அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கிறது. நன்றியுணர்வும் மன அமைதியும் பற்றிய பத்து நிமிடத் தியானக் காணொளி ஒன்று அண்மையில் இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த ரகத்தில் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மெதுவாகப் பேசினால் அமைதி வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் மூலம். மென்பொருளில் இழுத்தால் உயிரெழுத்து மட்டும் நீளாது. ட், க் எல்லாம் மழுங்கும், ஸ் என்ற ஒலி சீறலாக நீளும். சரி, மென்பொருள் வேண்டாம், வாயாலேயே இழுக்கிறேன் என்கிறீர்களா? அது இன்னும் மோசம். தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும். "உடலைத் தளர விடுங்கள்" என்பதை இழுத்து இழுத்துச் சொன்ன ஒரு பதிவில் உடல் 'ஊடல்' ஆகியிருந்தது. மனம் 'மானம்' ஆகியிருந்தது. கண்ணை மூடிக் கேட்பவருக்கு உங்கள் குரலைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. ஒரு சொல் தடுமாறினாலும் 'என்ன சொன்னார்?' என்று மனம் விழித்துக்கொள்ளும். சொல்லைச் சொல்லும் வேகம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நிதானமாகப் பேசும் வேகமாக இருந்தால் போதும். அமைதி, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது.

அந்த இடைவெளிக்கு இடம் எங்கே என்று கேட்டால், ஸ்கிரிப்டில்தான் வெட்ட வேண்டும். வந்த ஸ்கிரிப்டில் 640 சொற்கள் இருந்தன. பேசியவரின் இயல்பான நிதானம் நிமிடத்துக்கு 80 சொல். அப்படியானால் பேச்சே 8 நிமிடம். அதை எண்பது சதவீதத்துக்கு இழுத்தால் சரியாக 10 நிமிடம்! காணொளி நிறைந்துவிட்டது, கேட்பவர் மூச்சு விட ஒரு விநாடிகூட மிச்சமில்லை. நாங்கள் அதை 320 சொல்லாகக் குறைத்தோம். 4 நிமிடம் பேச்சு, 6 நிமிடம் இடைவெளி. (நிமிடத்துக்கு 100 சொல் என்று ஆங்கில வழிகாட்டிகளில் படித்துவிட்டு வருபவர்களுக்கு: 'வீட்டிலிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். அந்தக் கணக்கு இங்கே ஒத்துவராது. உங்கள் குரலை ஒரு நிமிடம் பதிவு செய்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.)

வெட்டியதில் ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன். "இன்று உங்களுக்கு உதவிய அனைத்து நல்ல உள்ளங்களையும் நினைத்துப் பார்த்து, அவர்கள் ஏற்படுத்திய மாற்றத்தை உணர்ந்து, அந்த மகிழ்ச்சியை இதயத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்." ஒரே மூச்சில் மூன்று வேலை. கேட்பவர் முதல் ஆளையே தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இதயத்துக்குப் போய்விட்டீர்கள். போதாததற்கு, பேசியவர் "நிரப்பி..." என்று நிறுத்தி மூன்று விநாடி கழித்து "...க்கொள்ளுங்கள்" என்று முடித்திருந்தார். நம் மொழியில் என்ன செய்ய வேண்டும் என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பாரே தவிர எதையும் செய்ய மாட்டார். வினையைச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்துங்கள். மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"இன்று உங்களுக்கு உதவிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்." (12 விநாடி)
"பெரிய உதவியாக இருக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவராகக்கூட இருக்கலாம்." (15 விநாடி)
"அவர் முகம் நினைவில் இருக்கிறதா?" (8 விநாடி)
"மனசுக்குள் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்." (20 விநாடி)

முதல் இடைவெளி தேடுவதற்கு. இரண்டாவது, யாரும் கிடைக்காமல் திணறுபவருக்கு. கேள்விக்குப் பதில் சட்டென்று வந்துவிடும், அதனால் அங்கே நீளம் வேண்டாம். கடைசியில் செய்ய ஒன்றுமில்லை, இருந்தால் போதும். அதுதான் மிக நீளம். இதைவிட நீண்ட மௌனம் வேண்டுமென்றால் "கொஞ்ச நேரம் அமைதியாக இருப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒற்றைக் கண்ணைத் திறந்து போன் நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள்.

மூச்சுப் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. ஓய்வாக இருக்கும் வயது வந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்து விநாடி காணாமல் போனால் அவர் அடக்கிக்கொண்டு தவிப்பார். இழுக்க 4 விநாடி, விட 6 விநாடி, இரண்டு மூன்று சுற்று. பிறகு "இனி உங்கள் இயல்பில் மூச்சு விடுங்கள்" என்று விட்டுவிடுங்கள். மைக் முன்னால் சொல்கிறவரும் அதே மூச்சை விட்டுப் பார்க்க வேண்டும். எந்த ஸ்டாப்வாட்ச்சையும்விட அது ஒழுங்காகக் கணக்குச் சொல்லும்.

தொனிக்கு வருவோம். கிசுகிசுப்பு அமைதி அல்ல. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிராது, வெறும் காற்றொலிதான். அதைக் கேட்கும்படி செய்ய ஒலி அளவை ஏற்றினால் அறை இரைச்சலும் நாக்குச் சப்தமும் கூடவே ஏறும். குரலோடு பேசுங்கள், சற்றுத் தாழ்த்தி. வாக்கிய முடிவில் சுருதி இறங்கட்டும். ஆனால் 'உங்கள்' என்ற விகுதியை விழுங்கிவிடாதீர்கள். நன்றி என்று வந்ததும் குரலில் தேனைக் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள். அன்றைக்குத்தான் வேலை போனவரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். "உங்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது பாருங்கள்!" என்ற உற்சாகம் அவரைக் குத்தும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பதிவை எடிட்டர் கெடுப்பதும் உண்டு. பழக்க தோஷத்தில் Audacity-யில் Truncate Silence போட்டு இடைவெளியை எல்லாம் நறுக்கிவிடுவார். அல்லது குரல் நின்றதும் இசை தானாக ஏறும்படி வைத்துவிடுவார். மனம் அடங்கும் நேரத்தில் புல்லாங்குழல் பொங்கி எழும்! இசை முழுக்க ஒரே தாழ்ந்த அளவில் இருக்கட்டும். இசையே இல்லாத இடைவெளியில் ஒலியைப் பூஜ்யமாக்காதீர்கள். அறையின் வெற்றொலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்து, அதை அங்கே நிரப்புங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. YouTube-இல் 8 நிமிடத்தைத் தாண்டிய காணொளியின் நடுவில் விளம்பரம் வைக்கலாம். தானியங்கி அமைப்பை விட்டுவைத்தால் அது இயல்பான இடைவெளிகளைத் தேடிப் போடும். உங்கள் காணொளியில் இடைவெளிக்கா பஞ்சம்? நடு விளம்பரத்தை அணைத்துவிட்டுப் பதிவேற்றுங்கள். அதற்கு முன் ஒரு முறை படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுவதையும் கேளுங்கள். திரையில் ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எல்லா இடைவெளியும் நீளமாகத்தான் தெரியும், கை தானாக வெட்டப் போகும்.